ஆறாவது பாடத்தின் ஜன்னல்

என் சேனலில் என் முகம் வராது. ஒரு மேசை, அதன்மேல் துணி, கத்தரி, சாக்கட்டி, என்னுடைய இரண்டு கைகள். அவ்வளவுதான் பார்ப்பவர்களுக்குத் தெரியும். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று சிலர் எழுதுவார்கள். கூச்சமெல்லாம் இல்லை. மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தின் குளுவாங்கில் ஒரு வீட்டிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறி வந்தவள் நான். நான் எங்கே இருக்கிறேன் என்பது அந்த வீட்டில் ஒருவருக்குத் தெரியக்கூடாது. அவர் என் கணவர்.

மாசாயில் ஒரு பழைய பிளாட்டில் வாடகைக்கு இருந்தேன். பாசிர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. மீதி நேரத்தில் லைனில் வேலை செய்யும் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். அவர்களில் ஒருத்தி, "நீங்க வெட்டுறத போன்ல எடுத்துப் போடுங்கக்கா, நாங்களும் கத்துக்குறோம்" என்று சொன்னதில் ஆரம்பித்ததுதான் சேனல். கைதானே தெரியப்போகிறது என்ற தைரியத்தில் ஆரம்பித்தேன்.

அதே மாடியில் சில வீடுகள் தள்ளி ஒரு பெண் இருந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். ஜொகூர் பாருவில் இருக்கும் ஒரு சேலைக் கடைக்கு வீட்டிலிருந்தபடியே இணைய வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் போடுவது, விளம்பரம் எழுதுவது, யார் எதைப் பார்த்தார்கள் என்று எண்களைப் படிப்பது. அந்த எண்களில் அவளுக்கு ஒரு பைத்தியம். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவள், என் சேனலின் கணக்குப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, ஆளுங்க வராங்க. வராம இல்ல. ஆனா ஒண்ணு பாத்துட்டு ஓடிடுறாங்க. ஒரு ஆளு சராசரியா ஒரு வீடியோதான் பாக்குறாரு."

"தேடி வந்தது கிடைச்சிருச்சு, போறாங்க. அதுல என்ன?"

"அடுத்தது பாக்க நீங்க வழியே விடலையே லா. இங்க பாருங்க."

திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். ஒரு காணொளியை எத்தனை பேர் எந்த விநாடி வரை பார்க்கிறார்கள் என்று காட்டும் கோடு அது. ஓரளவு சமமாகப் போய்க்கொண்டிருந்த கோடு கடைசியில் சரக்கென்று கீழே விழுந்திருந்தது. அந்த இடத்தில் நான் என்ன சொல்கிறேன் என்று ஓடவிட்டுக் காட்டினாள். "சரிங்க, இன்னிக்கு இவ்வளவுதான், நன்றி, வணக்கம்."

"நீங்களே கதவத் திறந்து வெளிய அனுப்புறீங்க" என்று சிரித்தாள்.

காணொளி முடியும் கடைசி விநாடிகளில் திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் வருமே, அடுத்து இதைப் பார் என்று, அதற்கு எண்ட் ஸ்கிரீன் என்று பெயர். நான் எல்லாவற்றுக்கும் 'கடைசியாகப் போட்ட காணொளி' என்று வைத்துவிட்டிருந்தேன். ஆக, ரவிக்கைக்கு அளவெடுக்கக் கற்றுக்கொண்டவளுக்கு, முடிந்ததும் தலையணை உறை வந்து நின்றிருக்கிறது.

அதன்பிறகு சேனலை அவள் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டாள். ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றுக்குப் போன கொஞ்சம் பேர் எதிலிருந்து எதற்குப் போனார்கள் என்று ஒவ்வொரு காணொளியாகத் தோண்டினாள். நான் போட்ட தேதி வரிசைக்கும் அவர்கள் பார்த்த வரிசைக்கும் சம்பந்தமே இல்லை. அளவெடுப்பதிலிருந்து தொடங்கியவர்கள்தான் அதிக நேரம் தங்கியிருந்தார்கள். கைக்குழி தளர்வாக இருக்கிறது என்று தேடி வந்தவர்கள், மார்புக்கு மடிப்புத் தைக்கிற டாட் பாடத்துக்குத் திரும்பிப் போயிருந்தார்கள். அந்த நடமாட்டத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு வரிசை போட்டு, ரவிக்கைப் பாடங்கள் என்று ஒரு பிளேலிஸ்ட் செய்தாள். அளவு, காகித வெட்டு, துணி வெட்டு, டாட், இடுப்புப் பட்டி என்று முதலில் ஐந்து. ஒவ்வொன்றின் எண்ட் ஸ்கிரீனிலும் தலையணை உறையை எடுத்துவிட்டு, அடுத்த பாடத்தையும் அந்த பிளேலிஸ்டையும் வைத்தாள். பழைய காணொளிகளின் வாலில் இருந்த நன்றி வணக்கத்தை வெட்டினாள். புதிதாக எடுத்தவற்றில் கடைசி இருபது விநாடிக்கு மேசையின் ஒரு பக்கத்தைக் காலியாக விடச் சொன்னாள், கட்டங்கள் அங்கே வந்து உட்காருவதற்காக. வாயை மூடக்கூடாது. "இந்த இடத்துல ஒரு சுருக்கம் விழும், அத எப்படி எடுக்குறதுன்னு அடுத்ததுல பாக்கலாம், வாங்க" என்று பேச்சை நடுவிலேயே கொண்டுபோய் விட வேண்டும்.

சில வாரங்களில் மாற்றம் தெரிந்தது. வந்தவர்கள் ஒன்றோடு நிற்காமல் மூன்று, நான்கு என்று போகத் தொடங்கினார்கள். ஓர் ஆள் தங்கும் நேரம் ஏறிக்கொண்டே போனது. கேள்விகள் வந்தன. கோத்தா திங்கியிலிருந்து ஒரு பெண் தான் தைத்த முதல் ரவிக்கையை, இன்னும் கை வைக்காமலே, படம் பிடித்து அனுப்பியிருந்தாள். தொழிற்சாலையை விட்டுவிட்டு இதையே செய்யலாமோ என்று எனக்கே ஓர் எண்ணம் வந்தது.

ஐந்தாவது பாடத்தோடு எல்லோரும் நின்றுவிடுகிறார்கள் என்று அவள் கவலைப்பட்டாள். ஆறாவதாக ரவிக்கைக்குக் கை சேர்க்கும் பாடம் வரவேண்டும். அது இல்லை.

"இருக்கே, ஒண்ணு பழசு. பட்டியல்ல வராம மறைச்சு வச்சிருக்கீங்க. நல்லாத்தான் இருக்கு, ஏன்கா?"

"சத்தம் சரியில்ல. விடு, வேற எடுத்துப் போடலாம்" என்றேன்.

சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆரம்பத்தில், விவரம் போதாத காலத்தில் எடுத்த காணொளி அது. ரவிக்கையின் கையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, தையல் ஓரத்தைக் காட்டுவேன். அந்தச் சில விநாடிகள் பின்னால் ஜன்னல் தெரியும். ஜன்னலுக்கு வெளியே எதிர் பிளாட்டின் சுவரில் பெரிதாக எழுதிய எழுத்து, கீழே ஒரு டயர் கடையின் பெயர்ப்பலகை. போட்ட மறுநாளே கவனித்து மறைத்துவிட்டேன். அதை அவளிடம் சொல்லவேண்டுமென்றால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்கு நான் புருஷன் செத்துப்போனவள்.

மறைத்து வைத்த காணொளி தேடலில் வராது, சேனல் பக்கத்திலும் வராது. ஆனால் எல்லோரும் பார்க்கும் பிளேலிஸ்டில் அதைச் சேர்த்துவிட்டால், அந்த வரிசையில் வருகிறவர்களுக்கு அது தெரியும். எனக்கு இந்த விவரம் தெரியாது. அவளுக்குத் தெரியும். புதுசு எடுக்கும்வரை இதை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம், எண்கள் ஏறினால் அக்காவுக்குக் காட்டலாம் என்று ஆறாவது இடத்தில் வைத்துவிட்டாள். ஐந்தாவது முடிந்ததும் பிளேலிஸ்ட் தானாகவே ஆறாவதற்குப் போகும்.

ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். போனில் கருத்துகள் வந்திருந்தன. படம் வைக்காத ஒரு கணக்கு. முதல் பாடத்தின் கீழே, "தெளிவா சொல்லித் தர்றீங்க." இரண்டாவதன் கீழே, "கத்தரி புதுசு போல." யாரோ வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள் என்று சந்தோஷமாகத்தான் படித்தேன். மூன்றாவதன் கீழே, "இடது கை சுண்டுவிரல் நேரா இல்லையே. எப்படி ஆச்சு?"

பஸ் எங்கே நின்றது, நான் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை.

என் சுண்டுவிரல் நடுக்கணுவில் வளைந்திருக்கும். கதவிடுக்கில் வைத்து அடைத்ததால் வந்த வளைவு. அடைத்தவர் அப்புறம் கிளினிக்குக் கூட்டிப்போய், மீன் வெட்டும்போது வழுக்கி விழுந்துவிட்டாள் என்று டாக்டரிடம் அமைதியாகச் சொன்னார். எத்தனையோ பேர் என் கைகளைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் அந்த விரலைப் பற்றிக் கேட்டதில்லை.

நான்காவதன் கீழே எதுவும் இல்லை. ஐந்தாவதன் கீழே, "குரல் மாறவே இல்ல."

வீட்டுக்குள் போய்க் கிரில்லைப் பூட்டி, கதவைத் தாழிட்டு, அந்தக் கணக்கின் கருத்துகள் இனி வராதபடி மறைத்தேன். ஜன்னல் துணியை இழுத்துவிட்டேன். ஐந்து பாடத்திலும் சுவரைத் தவிர ஒன்றும் தெரியாது, ஐந்தோடு வரிசை முடிந்துவிட்டது, அவருக்கு என் குரல் கிடைத்திருக்கிறது, இடம் கிடைக்கவில்லை. இப்படியே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் மூச்சை அடக்கிக்கொண்டு அது கடந்துபோகிறதா என்று கேட்பேன். வேலைக்குப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். அவளிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, பகலில், அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, கோவப்படாதீங்க. அந்தக் கை சேர்க்கிற வீடியோவ ஆறாவதா போட்டிருந்தேன். அஞ்சாவது பாத்தவங்க நிக்காம போறாங்க. அதுமட்டும் இல்ல, ஒரு அதிசயம் காட்டுறேன் பாருங்க."

"ஆறாவதா?" என்றேன். காதில் விழுந்தது புரியவில்லை.

அதே மாதிரிக் கோடு. கொஞ்சம் பேர்தான் ஆறாவது வரை வந்திருந்தார்கள், அதனால் கோடு கரடுமுரடாக இருந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் கூர்மையாக மேலே எழும்பி, நூறு சதவீதத்தைத் தாண்டி நின்றது.

"இந்த எடத்த ரிவைண்ட் பண்ணிப் பண்ணிப் பாத்திருக்காங்க. கொஞ்சம் பேருதான்றதால ஒரே ஆளு நெறைய தடவ பாத்தாக்கூட கோடு இப்படி ஏறும். நீங்க அங்க ஏதோ நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க. அதையே தனி வீடியோவா போடலாம்னு..."

சொல்லிக்கொண்டே அந்த இடத்தை ஓடவிட்டாள். என் கைகள் ரவிக்கையின் கையைத் தூக்கின. வெளிச்சம். ஜன்னல். எதிர்ச் சுவரின் எழுத்து. டயர் கடைப் பலகை. என் கைகள் கீழே இறங்கின. ஜன்னல் மறைந்தது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய், "அக்கா, என்னாச்சு? அலமாக், அக்கா!" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இது எப்ப பாத்தது?"

"எது?"

"இந்தக் கோடு. எப்ப பாத்தது இது?"

"இது எப்பவும் லேட்டாதான்கா வரும். இப்ப தெரியறது ரெண்டு நாளைக்கு முன்னாடி உள்ளது."

இரண்டு நாள். குளுவாங்கிலிருந்து மாசாய்க்கு வர ஒரு மத்தியானம் போதும்.

அன்றுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவை, விரலை, குளுவாங் ரயில் நிலையத்தில் கையில் ஒரு பையோடு நின்றதை. செத்துப்போனதாகச் சொன்ன புருஷன் உயிரோடு இருப்பதை. அவள் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரல்களுக்கு மேலே வழிந்தது.

"நாந்தான்கா. நான்தான கொண்டுவந்து விட்டேன்."

"நீ என்னத்தக் கண்ட? நான் சொல்லவே இல்லையே."

அவள் முதலில் செய்தது, அந்தக் காணொளியை யாரும் பார்க்க முடியாதபடி மாற்றியது. இனி பிளேலிஸ்டிலும் அது வராது. அந்தக் கணக்கை மறைத்துவிட்டேன் என்று நான் சொன்னதும் தலையை ஆட்டினாள்.

"அதனால கமெண்ட்டுதான் வராது. பாக்குறத நிறுத்த முடியாதுக்கா. யாரு பாக்குறாங்கன்னே நமக்குத் தெரியாதே. எத்தன பேருன்னு மட்டும்தான் அது சொல்லும்."

எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்றேன். முழுச் சேனலையும்.

"ஒரேயடியா காணாமப் போனா, அவனுக்கு நிச்சயமாயிடும். நீங்கதான்னு. பயந்துட்டீங்கன்னும். வேணாம். மொதல்ல பாலாய் போலாம்." போலீஸ் நிலையத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நான் அவர் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் அவன் என்றாள். அந்த நேரத்திலும் அது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

கீழே இறங்கினோம். அவளுடைய மோட்டார்சைக்கிள் டயர் கடைப் பக்கம் நின்றது. டயர் கடை முதலாளி, தவுக்கே என்போம், வயதான சீனர், என்னைப் பார்த்தால் எப்போதும் தலையசைப்பார். அன்று கையைக் காட்டி நிறுத்தினார். நேற்று ஒரு ஆள் வந்ததாக மலாயில் சொன்னார். போனில் ஒரு படம், அதில் தன் கடைப் பலகை. "இனி திங்காப் மானா?" என்று அந்த ஆள் கேட்டாராம், இது எந்த ஜன்னல் என்று. தனக்கு எப்படித் தெரியும், இங்கே எவ்வளவோ ஜன்னல் இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். நல்ல மாதிரி ஆள், மரியாதையாகப் பேசினார், உங்கள் சொந்தக்காரரா என்று என்னைக் கேட்டார்.

நேற்று நான் அந்தப் பலகையைக் கடந்துதான் பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன்.

பாலாயில் ஒரு பெண் போலீஸ் அதிகாரி எழுதிக்கொண்டார். மிரட்டினாரா என்று கேட்டார். இல்லை. வருவேன் என்று எழுதினாரா? இல்லை. என்ன எழுதினார்? கத்தரி புதுசு போல என்று எழுதினார். அதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் குறுக்கே புகுந்து, நான்கு கருத்துகளையும் பாடங்களின் வரிசைப்படி காட்டினாள், பிறகு கோட்டைக் காட்டினாள், பிறகு ஜன்னலைக் காட்டினாள், தவுக்கே சொன்னதையும் சொன்னாள். அதிகாரி அந்தக் கோட்டைக் கொஞ்சநேரம் பார்த்தார். என் விரலைக் காட்டச் சொன்னார். குளுவாங்கில் முன்பு புகார் கொடுத்திருக்கிறேனா என்று கேட்டார். ஒரே ஒரு தடவை கொடுத்திருந்தேன். "நல்லது" என்று சொல்லி, தன்னுடைய எண்ணைக் கொடுத்தார். வந்தால் கதவைத் திறக்காதே, உடனே கூப்பிடு.

அன்றிரவு அவள் வீட்டில் படுத்தேன். மறுநாள் கோத்தா திங்கியில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதென்று முடிவு. காலையில் என் துணிகளை அவள் வீட்டுக் கூடத்தில் மடித்துக்கொண்டிருந்தபோது, அவள் ஜன்னலோரம் நின்று என்னைக் கூப்பிடாமல் கையை மட்டும் பின்னால் நீட்டி அசைத்தாள்.

ஜன்னல் துணிக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். கீழே, டயர் கடைக்கு முன்னால் சுத்தமாக இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். ஒரு கையில் போன். போனைப் பார்ப்பார், எதிர்ச் சுவரின் எழுத்தைப் பார்ப்பார், திரும்பி எங்கள் பிளாட்டை அண்ணாந்து பார்ப்பார். படத்தில் அந்த எழுத்து என் கண்ணுக்கு நேரே தெரியும். ஆகவே எந்த உயரம் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. அவர் எப்போதுமே கணக்கில் கெட்டிக்காரர். ஒரு வரிசை ஜன்னல்களைக் கீழிருந்து மேலே விரலால் எண்ணினார். பிறகு படிக்கட்டுப் பக்கம் நடந்தார்.

அவள் போலீஸைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினாள். என்னை அடுக்களைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். தரையில், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். என் வலக்கை இடதுகைச் சுண்டுவிரலைப் பொத்திப் பிடித்திருந்தது. நான் பிடிக்கவில்லை, அது தானாகப் பிடித்துக்கொண்டது.

தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் கிரில்லைத் தட்டும் சத்தம். பேச்சு. அடுத்த வீடு. தட்டும் சத்தம். யாரும் இல்லை. அடுத்தது என் வீடு. தட்டினார். நின்றார். மறுபடி தட்டினார். அவர் தட்டும் விதம் எனக்குத் தெரியும், மூன்று தடவை, அவசரமே இல்லாமல். பிறகு செருப்புச் சத்தம் நெருங்கியது.

"தங்கச்சி, வணக்கம்மா. மன்னிச்சிக்கோங்க. இங்க ரவிக்கை தைக்கிற அக்கா ஒருத்தங்க இருக்காங்களாம்ல?"

"தெரியாதுங்க." அவள் குரல் சாதாரணமாக இருந்தது. எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம்.

"வீடியோவெல்லாம் போடுவாங்க. பாருங்க, இந்தக் கைதான்."

"கையப் பாத்து எப்படிங்க சொல்றது? எல்லாருக்கும் கை ஒரே மாதிரிதான்."

"இல்லம்மா" என்று அவர் சிரித்தார். "இந்தக் கை அப்படி இல்ல."

போனில் என் குரல் ஒலித்தது. ஐந்தாவது பாடம். அடுத்து கை சேர்க்கலாம், வாங்க என்று நான் அவரை அழைத்துக்கொண்டிருந்தேன். அடுக்களையில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் அதை ஓடவிட்டுக்கொண்டே நின்றார். அவளும் கிரில்லுக்கு இந்தப்பக்கம் நின்றாள். "நல்லா சொல்லித் தராங்க. சேனல் பேரு என்னங்க? நானும் பாக்குறேன்" என்று கேட்டாள். பேரைச் சொன்னார். எழுத்துக் கூட்டச் சொன்னாள். கூட்டினார். எதில் ஆரம்பித்துப் பார்ப்பது நல்லது என்று கேட்டாள். அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அப்படியே நேரத்தை இழுத்தாள். போலீஸ் பூட்ஸ் சத்தம் படியில் ஏறிவந்தபோது அவர் ஐந்து பாடங்களையும் அவளுக்கு வரிசைப்படி விளக்கிக்கொண்டிருந்தார்.

அவர் சத்தம் போடவில்லை. என் மனைவியைப் பார்க்க வந்தேன், அது குற்றமா என்று மட்டும் கேட்டார். அவர்களோடு அமைதியாகக் கீழே இறங்கிப் போனார். நான் அடுக்களையை விட்டு வெளியே வர வெகுநேரம் ஆனது. கால் மரத்துப் போயிருந்தது.

எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை அந்தப் பெண் அதிகாரி பிறகு சொன்னார். என் கணவர் என்னைத் தேடவில்லையாம். அவருடைய தம்பிக்கு நான் வந்த பிறகு கல்யாணம் ஆகியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு என்னைத் தெரியாது, என் குரலும் தெரியாது. தையல் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, மெஷின் பக்கத்தில் போனை வைத்து என் முதல் பாடத்தைத் திறந்திருக்கிறாள். அது முடிந்ததும் இரண்டாவது, பிறகு மூன்றாவது. அவள் பாட்டுக்குத் துணி வெட்டிக்கொண்டிருக்க, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அடுத்த அறையில் அவர் படுத்திருந்தார். முதல் பாடத்தில் யாரோ மாதிரி இருந்ததாம். மூன்றாவதில் எழுந்து வந்து திரையைப் பார்த்தாராம்.

பழைய மாதிரி நன்றி வணக்கம் என்று நின்றிருந்தால் அந்தக் குரல் முதல் பாடத்தோடு ஓய்ந்திருக்கும், அவர் புரண்டு படுத்திருப்பார். பாடங்களுக்கு வரிசை போட்டுக் கொடுத்தவளிடம் இதை நான் சொல்லவில்லை. அவளே யோசித்துக் கண்டுபிடித்துவிட்டாள். சில நாள் என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கிடைத்தது. என் பக்கம் வரக்கூடாது, செய்தி அனுப்பக்கூடாது, வேறு ஆள் மூலமாகவும் கூடாது. அந்த நாள் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணை ஒரு காகிதம்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது வெயிலில் கொஞ்சநேரம் நிற்க முடிந்தது.

மாசாயை விட்டு வந்துவிட்டேன். இப்போது இருக்கும் ஊரை எழுதப்போவதில்லை. ஜொகூர்தான்.

சேனலை மூடிவிடுவேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். சில மாதம் தொடவில்லை. ஆறாவது இல்லாததால் ஆட்கள் பழையபடி ஐந்தோடு கழன்றுகொண்டார்கள். தங்கும் நேரம் இறங்கியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான்தான் ஒருநாள் போனில் கேட்டேன். அந்த ரவிக்கையைப் படம் பிடித்து அனுப்பிய பெண் மறுபடி எழுதியிருந்தாள், கை சேர்ப்பது எப்படி என்று தெரியாமல் பாதியில் நிற்கிறதாம், எப்போது வரும் என்று.

அவள் மாசாயிலிருந்து கேமராவோடு வந்தாள். ஜன்னலை அட்டையால் அடைத்தோம். சுவரில் வெள்ளைத் துணி கட்டினோம். மெஷின்மேல் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தோம். வெளியே மீன் விற்பவரின் ஹாரன் கேட்டதும் நிறுத்தி, அவர் தெருவைத் தாண்டும் வரை காத்திருந்து எடுத்தோம். கையுறை போட்டுக்கொள்ளுங்களேன் என்றாள். கையுறையோடு ஊசி பிடிக்க வரவில்லை. விரலை அப்படியே விட்டோம். அவருக்குத்தான் தெரிந்துவிட்டதே.

பாடம் நன்றாகவே வந்தது. கடைசி இருபது விநாடி வந்தது. மேசையின் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு, கொக்கி வைப்பதைப் பற்றிச் சொல்லி, அடுத்ததுல பாக்கலாம், வாங்க என்று சொல்ல வேண்டும். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடுத்தோம். மறுபடியும் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். அடுக்களைத் தரையின் குளிர்ச்சிதான் நினைவுக்கு வந்தது.

"விடுங்கக்கா. அத நான் சொல்றேன்."

அவள் மைக்கை வாங்கி, என் கைகள் துணியை மடித்துக்கொண்டிருக்க, பின்னாலிருந்து சொன்னாள். இப்போது எல்லாப் பாடத்திலும் அந்த வரியைச் சொல்வது அவள்தான். குரல் ஏன் மாறுகிறது என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து நடத்துகிறோம் என்று அவளே பதில் எழுதுகிறாள்.

எண்கள் மறுபடி ஏறியிருக்கின்றன என்கிறாள். ஐந்தைத் தாண்டி ஆறு, ஏழு என்று போகிறார்களாம். நல்லது என்கிறேன். அந்தப் பக்கத்தை நான் திறப்பதில்லை. எத்தனை பேர் என்று அது சொல்லும், யார் என்று சொல்லாது. படம் எடுக்காத நாட்களில் ஜன்னல் அட்டையை எடுத்துவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன். போன வாரம் பாதி எடுத்தேன். வெயில் மேசையில் ஒரு பக்கமாக விழுந்தது. கொஞ்சநேரம் அந்த வெளிச்சத்தில் தைத்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டேன்.